கேள்வி பிறந்த நேரமும் காதலர் இருவரும்



சோதிடம் கற்கத் தொடங்கியோர் சிலர், காதல் பற்றிய கேள்விக்குப் பிரசன்னம் பார்ப்பது எப்படி என்று என்னிடம் கேட்டிருந்தனர். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. சோதிடம் எனக்குத் தொழிலன்று. ஆயினும் பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் பயின்று வருகிறேன். நான் சரியாகச் சொன்ன பலனைவிடத் தவறாகச் சொன்ன பலன் ஒன்றே எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. அதனையே இங்கு எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தங்கையின் அனுமதியைப் பெற்றுவிட்டேன்; எனினும் அவர் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

பிறந்த நேரத்திற்குக் கணிப்பது பிறப்புச் சாதகம். கேள்வி பிறந்த நேரத்திற்குக் கணிப்பது பிரசன்னம். ஒருவர் மனத்தில் நெடுநாள் கிடந்து வருத்திய கேள்வி வாய்திறந்து வெளிவரும் அந்தக் கணத்தில், வானத்தின் நிலையே அதற்கு விடையாக அமையும் என்பது இக்கலையின் அடிப்படை நம்பிக்கை. ஆகவே முதலில் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கேள்வியை நாம் கேட்டுப் புரிந்துகொண்ட நேரம். மற்றொன்று, அப்பொழுது நாம் இருந்த ஊர். கேட்பவரின் பிறந்த ஊரோ காதலரின் பிறந்த தேதியோ இதற்குத் தேவையில்லை.

2024ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். கிள்ளானில் எங்கள் வீட்டில் பசியாறிவிட்டு நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு என்னோடு ஒரே பள்ளியில் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர் வந்தார். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசுபவர் அன்று தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "அக்கா, ஒன்று கேட்கலாமா? அவர் என்னிடம் திரும்பி வருவாரா?" என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். காலை 11 மணி.

அந்த நேரத்திற்குத் திருக்கணித முறைப்படி, லாகிரி அயனாம்சத்தில் கணித்தேன். நமக்கு வேண்டிய நிலைகள் மட்டும் கீழே உள்ளன. பாகைகளை ஏறத்தாழ முழு எண்களாகவே தருகிறேன்.

லக்கினம்: மேடம் 17
குரு: மேடம் 17
சந்திரன்: விருச்சிகம் 13 (அனுசம்)
செவ்வாய்: மகரம் 20½
சுக்கிரன்: மகரம் 25
சனி: கும்பம் 16
சூரியன்: கும்பம் 19

காதல் கேள்வியில் லக்கினமும் அதன் அதிபதியும் கேட்பவரைக் குறிக்கும். ஏழாம் வீடும் அதன் அதிபதியும் காதலரைக் குறிக்கும். காதல் என்றால் ஐந்தாம் வீடு அல்லவா என்று தொடக்க நிலையினர் ஐயுறுவர். ஐந்தாம் வீடு அன்பையும் அதன் இன்பத்தையும் சொல்லும். ஆனால் "அவர் வருவாரா" என்ற கேள்வி ஓர் ஆளைப் பற்றியது. நம் எதிரில் நிற்கும் ஆளுக்கு உரியது ஏழாம் வீடே. சந்திரன் கேட்பவரின் மனத்தையும் நிகழ்ச்சிகளின் போக்கையும் காட்டும்.

இங்கு லக்கினம் மேடம். ஆகவே தங்கைக்குச் செவ்வாய். ஏழாம் வீடு துலாம். ஆகவே அவருக்குச் சுக்கிரன். கட்டத்தைப் பார்த்தவுடன் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. லக்கினாதிபதி மகரத்தில் உச்சம். ஏழாம் அதிபதி அதே வீட்டில் அவரோடு சேர்ந்திருக்கிறார். அதுவும் பத்தாம் வீடாகிய கேந்திரத்தில். லக்கினப் பாகையின் மீதே குரு அமர்ந்து, நேர் ஏழாம் பார்வையாகக் காதலரின் வீட்டைப் பார்க்கிறார். இதைவிட நல்ல அமைப்பை எங்கே தேடுவது? "வருவார், கவலைப்படாதே," என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்கவில்லை. மறக்க முடியாததற்குக் காரணம் அதன்பின் நடந்ததுதான்.

அவருடைய தாயார் சுங்கைப் பட்டாணியில் தனியாக இருக்கிறார். தாயாரின் ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிக்க அவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். என் சொல்லைக் கேட்டபின், "அவர் இங்கே இருக்கும்போது நான் ஏன் வடக்கே போக வேண்டும்?" என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டார். இதை அவர் அன்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழிந்தும் ஒரு செய்தியும் இல்லை. எனக்குச் சோதிடம் கற்பித்த ஐயாவிடம் கட்டத்தை எடுத்துச் சென்றேன். அவர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைக் கடந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டத்தை ஒரு முறை பார்த்தார். உச்சத்தையும் கேந்திரத்தையும் பற்றி நான் பேசத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும், டீச்சர். செவ்வாய் எத்தனை பாகை? சுக்கிரன் எத்தனை பாகை?"

"இருபதரை. இருபத்தைந்து."

"இரண்டில் எது வேகமாக ஓடும்?"

"சுக்கிரன்."

"வேகமாக ஓடுகிறவன் முன்னால் போய்விட்டான். பின்னால் இருப்பவன் எப்படிப் பிடிப்பான்?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. கட்டத்தில் நான் பார்த்தது ராசியை மட்டுமே. ஒரே வீட்டில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஆகவே அவர்கள் சேர்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். ஐயா அதற்கு ஓர் உவமை சொன்னார். "ஒரே பேருந்து நிலையத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்றால் சந்திக்கப் போகிறார்கள் என்று பொருளா? ஒருவர் வழியனுப்பிவிட்டு நிற்பவராகவும், மற்றவர் புறப்பட்டுப் போகிறவராகவும் இருக்கலாம் அல்லவா?"

கேள்விச் சாதகத்தின் உயிர்நாடி இதுதான். தாசிக முறையில் இதற்குத் தெளிவான விதி உண்டு. விரைந்து செல்லும் கோள் குறைந்த பாகையிலும், மெதுவாகச் செல்லும் கோள் கூடிய பாகையிலும் இருந்து, முன்னது பின்னதை நெருங்கினால் அது இத்தசாலம். காரியம் கைகூடும். விரைந்த கோள் மெதுவான கோளைக் கடந்து சென்றுவிட்டால் அது ஈசராபம். நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது, இனி விலகல்தான். இச்சொற்கள் அரபு மொழியிலிருந்து வடமொழிக்கு வந்தவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த நீலகண்டர் தம் தாசிக நூலில் இவற்றை விரித்துரைக்கிறார். இங்கிலாந்தில் 1647இல் வில்லியம் லில்லி வெளியிட்ட சோதிட நூலும் நெருங்குதல், விலகுதல் என்னும் இதே அடிப்படையில்தான் கேள்விகளுக்கு விடை காண்கிறது.

கோள்களின் வேக வரிசையை மனத்தில் இருத்திக்கொள்வது நன்று: சந்திரன், புதன், சுக்கிரன், சூரியன், செவ்வாய், குரு, சனி. சந்திரனே மிக விரைந்தவர். சனியே மிக மெதுவானவர். இனி, எவ்வளவு தூரத்திற்குள் இருந்தால் நெருக்கமாகக் கொள்வது என்ற கேள்வி எழும். அதற்குத் தீப்தாம்சம் என்னும் ஒளியெல்லை உண்டு. சுக்கிரனுக்கு 7 பாகை, செவ்வாய்க்கு 8. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏழரை. நம் கட்டத்தில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் நாலரைப் பாகை. ஒளியெல்லைக்குள்ளேயே இருக்கின்றனர். ஆனால் விலகுகின்றனர்.

அடுத்து ஐயா எனக்கொரு கணக்குக் கொடுத்தார். அந்நாள்களில் சுக்கிரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கலை நகர்ந்தார். செவ்வாய் 47 கலை. வேறுபாடு 28 கலை. நாலரைப் பாகை என்பது 270 கலை. 270ஐ 28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 நாள். மார்ச் 3இலிருந்து பத்து நாள் பின்னோக்கிச் சென்றால் பிப்ரவரி 22, வியாழக்கிழமை. பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். செவ்வாயும் சுக்கிரனும் மகரத்தில் ஒரே பாகையில் கூடியது அந்நாளில்தான்.

"அன்று என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். கட்டம் நடந்ததைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நடக்கப்போவதைப் பற்றி வாய் திறக்க வேண்டும்," என்றார் ஐயா.

அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தேன். தங்கை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வியாழக்கிழமைதான் அக்கா நாங்கள் கடைசியாகச் சந்தித்தோம். சாப்பிட்டோம். நன்றாகத்தான் பேசினார். வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்," என்றார். முதல் நாளே இதை நான் கேட்டிருக்க வேண்டும். "பத்து நாளைக்கு முன்பு ஏதாவது நடந்ததா" என்ற ஒரே கேள்வி போதும். கட்டத்தில் கண்ட சேர்க்கை வரப்போவதன்று, வந்து போனது என்பது அப்பொழுதே விளங்கியிருக்கும்.

விலகிவிட்டார்கள் என்றால் உடனே "இல்லை" என்று சொல்லிவிடலாமா? கூடாது. மூன்று வழிகளை ஆராய்ந்த பின்பே அவ்வாறு சொல்ல வேண்டும் என்று ஐயா கற்பித்தார்.

முதலாவது, கடந்து சென்ற கோள் வக்கிரமாகித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சுக்கிரன் ஏறத்தாழ 19 மாதங்களுக்கு ஒரு முறை 40 நாள் அளவுக்குப் பின்னோக்கிச் செல்வார். முன்னே சென்ற சுக்கிரன் வக்கிரமாகிச் செவ்வாயை நோக்கி வருவாரானால், பிரிந்து போனவர் திரும்புகிறார் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு முழுவதும் சுக்கிரன் வக்கிரமாகவே இல்லை. மேலும், மார்ச் 7ஆம் நாளே மகரத்தை விட்டுக் கும்பத்திற்குப் போய்விட்டார். செவ்வாய் அங்கே போய்ச் சேர்ந்தது மார்ச் 15இல். காதலர் அடுத்த வீட்டிற்குப் போய்விட்டார். இவர் இன்னும் பழைய வீட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறார். கேள்வி கேட்ட பெண்ணின் நிலையும் அதுதானே?

இரண்டாவது, இருவரையும் இணைக்கும் தூதர் உண்டா என்று பார்க்க வேண்டும். விரைந்த கோள் ஒன்று ஒருவரை அப்பொழுதுதான் கடந்து வந்து, மற்றவரை நோக்கிச் சென்றால், ஒருவருடைய ஒளியை மற்றவரிடம் சேர்க்கும். வாழ்க்கையில் தோழியோ உறவினரோ இடையில் நின்று பேசிச் சேர்த்து வைப்பதைப் போன்றது இது. சந்திரனே பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வார். நம் கட்டத்தில் சந்திரன் விருச்சிகத்தில் 13ஆம் பாகையில் இருக்கிறார். செவ்வாயின் இருபதரையை அவர் இன்னும் எட்டவே இல்லை. ஆகவே எடுத்துச் செல்ல அவர் கையில் ஒளி இல்லை. அவர் செவ்வாயை எட்டுமுன் கும்பத்தில் 16ஆம் பாகையில் இருக்கும் சனியைக் கேந்திரப் பார்வையில் சந்திக்கிறார். இடைவெளி மூன்று பாகை. ஆறு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். தூது புறப்படும் முன்பே வழியில் சனி நிற்கிறார். அதுமட்டுமன்று, சந்திரன் நீசமாகி எட்டாம் வீட்டில் மறைந்திருக்கிறார். தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்த அந்தப் பெண்ணின் மனநிலை அப்படியே கட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. என் கண் உச்சச் செவ்வாயின் மீது இருந்தமையால் நீசச் சந்திரனைப் பார்க்கவில்லை.

மூன்றாவது, இருவரும் பெரியவர் ஒருவரை நோக்கிச் செல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மெதுவான கோள் ஒன்று கூடிய பாகையில் இருந்து, இருவரும் அதனை நெருங்கினால், அந்தக் கோள் இருவர் ஒளியையும் வாங்கி இணைக்கும். குடும்பத்துப் பெரியவர் முன்னின்று முடித்து வைப்பது போன்றது அது. லக்கினத்தில் இருக்கும் குரு அதற்குப் பொருத்தமானவர்தான். ஆயின் அவர் இருப்பது 17ஆம் பாகை. செவ்வாயும் சுக்கிரனும் அப்பாகையைக் கடந்துவிட்டனர். பெரியவர் சொல்லைக் கேட்கும் கட்டம் இருவருக்கும் முடிந்துவிட்டது.

"அப்படியானால் குரு லக்கினத்தில் இருப்பதற்குப் பொருளே இல்லையா, ஐயா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதில் இல்லை," என்றார்.

அவர் விளக்கியதைத் தொடக்க நிலையினர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். உச்சம், நீசம், ஆட்சி, குருவின் பார்வை ஆகியவை ஆளின் தன்மையைச் சொல்கின்றன. நிகழ்ச்சி நடக்குமா என்பதைக் கோள்களின் ஓட்டமே சொல்லும். உச்சச் செவ்வாய் அந்தப் பெண்ணின் மன உறுதியைக் காட்டியது. ஏழாம் வீட்டைப் பார்த்த குரு, அந்த இளைஞர் ஏமாற்றுக்காரர் அல்லர், முறையோடு விடைபெற்றுச் சென்றவர் என்று காட்டினார். லக்கினக் குரு, இந்தப் பிரிவால் பெண்ணுக்குக் கேடு வராது என்று காட்டினார். இவை அனைத்தும் நல்லவை. ஆனால் இவற்றுள் ஒன்றும் "வருவார்" என்று சொல்லவில்லை. எப்படிப்பட்டவர் என்ற கேள்வியின் விடையை எடுத்து, வருவாரா என்ற கேள்விக்குக் கொடுத்துவிட்டேன். தேர்வுத்தாளில் மாணவர் இவ்வாறு எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவேன்.

ஆகவே நீங்கள் கட்டத்தைக் கையில் எடுத்ததும், வலிமையைப் பார்க்குமுன் இரண்டு எண்களை எழுதுங்கள்: லக்கினாதிபதியின் பாகை, ஏழாம் அதிபதியின் பாகை. எது விரைந்தது என்று அருகில் குறியுங்கள். விரைந்தவர் யாருக்குரியவர் என்பதையும் பாருங்கள். இத்தசாலத்தில் விரைந்த கோள் காதலருடையதாயின், முயற்சி அவர் பக்கத்திலிருந்து வருகிறது. கேட்பவருடையதாயின், இவரே தேடிச் செல்கிறார். ஈசராபத்தில் விரைந்த கோள் காதலருடையதாயின், விலகிச் செல்பவர் அவர். நம் கட்டத்தில் இதுவே நடந்தது.

ஒன்றுக்கு இரண்டு முறை எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உள்ளன. லக்கினம் ராசியின் முதல் ஓரிரு பாகையிலோ கடைசி ஓரிரு பாகையிலோ விழுந்தால், நேரத்தில் சில நிமிடப் பிழை வந்தாலும் லக்கினமே மாறி, அதிபதிகள் இருவரும் மாறிவிடுவர். அப்பொழுது பலன் சொல்லாமல் விட்டுவிடுவதே நன்று. அதே கேள்வியை மறுநாள் மீண்டும் கேட்டு வருபவருக்கு மீண்டும் கட்டம் போடக்கூடாது. முதல் விடை பிடிக்கவில்லை என்பதால் எழும் கேள்வி முதல் கேள்வி ஆகாது. என் தவற்றைத் திருத்தவும் நான் புதுக்கட்டம் போடவில்லை; பழைய கட்டத்தையே மீண்டும் படித்தேன்.

அடுத்த ஞாயிறு தங்கையை வீட்டிற்கு அழைத்தேன். கட்டத்தை மேசைமேல் விரித்து, எங்கே பிழை செய்தேன் என்று பாகை பாகையாகக் காட்டினேன். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடு," என்றேன். அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. சுக்கிரன் இருந்த இடத்தை விரலால் தொட்டு, "போய்விட்டவர்தானா?" என்று மட்டும் கேட்டார். அப்பொழுதுதான் மாற்றல் விண்ணப்பத்தைக் கைவிட்ட செய்தியைச் சொன்னார். அவர் சுங்கைப் பட்டாணிக்குப் போக மேலும் ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் அவருடைய தாயார் ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து, அண்டை வீட்டார் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்க்கும் நிலை ஏற்பட்டது. கட்டத்தைத் தவறாகப் படித்ததன் விலையை நான் செலுத்தவில்லை. வேறொருவர் வீட்டு அம்மா செலுத்தினார்.

சோதிடம் மெய்யா பொய்யா என்னும் வாதத்திற்கு இதனை எழுதவில்லை. ஒரு கட்டம் பொருந்தியதால் கலை முழுவதும் நிறுவப்பட்டதாகவும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் பலன் கேட்க வருபவர் அதனை நம்பி ஏதோ ஒரு முடிவு எடுக்கிறார் என்பது மட்டும் உறுதி. ஆகையால் இப்பொழுதெல்லாம் கட்டம் போடுமுன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "நான் ஆம் என்று சொன்னால் என்ன செய்யப் போகிறாய்? இல்லை என்று சொன்னால் என்ன செய்யப் போகிறாய்?" சிலர் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போதே தாம் தேடி வந்ததைக் கண்டுகொண்டு, கட்டம் வேண்டாம் என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை